ஒரே எம்எஃப்ஐ, வேறு வேறு குணம்: ஷியர் தின்னிங்கைக் கணக்கிட்டு ஃபிலிம் டையை ஓட்டுவது எப்படி

எல்டிபிஇ ஃபிலிம் ஓடிக்கொண்டிருந்த டையில், மூட்டையில் அதே எம்எஃப்ஐ 1 என்று அச்சிட்டிருக்கும் எல்எல்டிபிஇ குருணையைக் கொட்டினால் என்ன ஆகும்? பழைய சரக்கு வெளியேறி முடிவதற்குள் மோட்டாரின் ஆம்பியர் ஏறும். டைக்கு முன்னால் இருக்கும் அழுத்தமானி இரண்டு மடங்கைத் தாண்டும். பளபளப்பாக வந்த ஃபிலிம் மங்கி, விரலால் தடவினால் மெல்லிய உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். சப்ளையரைக் கூப்பிட்டுக் கேட்டால் எம்எஃப்ஐ சரியாக இருக்கிறது என்பார். அவர் சொல்வதும் உண்மைதான். டை ஓடும் வேகத்தில் அந்த எண் எதையும் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல்.

உருகிய பாலிமரை வேகமாகத் தள்ளத் தள்ள அதன் பாகுத்தன்மை குறைந்துகொண்டே போகும். இதைத்தான் ஷியர் தின்னிங் என்கிறோம். எவ்வளவு குறைகிறது என்பது கிரேடுக்கு கிரேடு மாறும். அந்த வளைகோட்டை எடுத்து, உங்கள் டையின் அளவுகளோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், புதுக் கிரேடைக் கொட்டுவதற்கு முன்பே அழுத்தம் எவ்வளவு வரும், சொரசொரப்பு வருமா என்று சொல்லிவிடலாம். 200 மி.மீ. வட்ட டையும் 75 மி.மீ. ஸ்க்ரூவும் கொண்ட, மணிக்கு 120 கிலோ ஓடும் ஒரு புளோன் ஃபிலிம் லைனை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கை முழுதாகப் போடுவோம்.

எம்எஃப்ஐ எந்த வேகத்தில் எடுத்த எண்?

பாலிஎத்திலீனுக்கான எம்எஃப்ஐ சோதனையில் 190 டிகிரி செல்சியஸ் சூட்டில், 2.16 கிலோ எடையை 9.55 மி.மீ. விட்டமுள்ள பேரலுக்குள் இறங்கும் பிஸ்டன்மேல் வைத்து, 2.095 மி.மீ. துளையும் 8 மி.மீ. நீளமும் உள்ள சிறு டை வழியாக உருகலை வெளியேற்றுகிறோம். 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வருகிறதோ அதுதான் எம்எஃப்ஐ. எடை மாறாததால் துளைச் சுவரில் விழும் ஷியர் தகைவும் மாறாது. எந்தக் கிரேடாக இருந்தாலும் சுமார் 19 கிலோபாஸ்கல்தான். எம்எஃப்ஐ 1 உள்ள சரக்கு, உருகலின் அடர்த்தியை 0.76 என்று வைத்தால், வினாடிக்கு சுமார் 2.4 என்ற ஷியர் வேகத்தில்தான் அந்தத் துளையில் நகர்கிறது. தகைவை வேகத்தால் வகுத்தால் பாகுத்தன்மை ஏறத்தாழ 8,000 பாஸ்கல்-வினாடி.

ஷியர் வேகம் என்பதைச் சீட்டுக்கட்டை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கட்டின் அடிச்சீட்டைப் பிடித்துக்கொண்டு மேல்சீட்டைத் தள்ளினால் ஒவ்வொரு சீட்டும் அடுத்ததன்மேல் வழுக்கும். மேல்சீட்டின் வேகத்தைக் கட்டின் உயரத்தால் வகுத்தால் கிடைப்பது ஷியர் வேகம். மி.மீ.யை மி.மீ. அடித்துவிடுவதால் மிஞ்சுவது 'வினாடிக்கு' மட்டுமே. இடைவெளி குறுகினாலும் சரி, ஓட்டம் கூடினாலும் சரி, இந்த எண் ஏறும்.

ஆக, எம்எஃப்ஐ என்பது வளைகோட்டில் வினாடிக்கு 2.4 என்ற இடத்தில் இருக்கும் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் சந்திக்கும் இரண்டு கோடுகள் அதன்பின் எப்படி வேண்டுமானாலும் பிரிந்து போகலாம்.

ஏன் பிரிகின்றன?

உருகலில் பாலிமர் சங்கிலிகள் கொதிக்கும் சேமியாவைப் போலப் பின்னிக் கிடக்கின்றன. மெதுவாக நகர்த்தினால், ஒரு பின்னல் அவிழும்போதே வேறொன்று விழுந்துவிடும். பின்னல்களின் எண்ணிக்கை மாறாததால் பாகுத்தன்மையும் மாறாது. வளைகோட்டின் இடது ஓரத்தில் தெரியும் சமதளம் அதுதான். சங்கிலிகள் மறுபடி பின்னிக்கொள்ள எடுக்கும் நேரத்தைவிட வேகமாக இழுத்தால் அவை ஓட்டத்தின் திசையில் நீள ஆரம்பிக்கும்; பின்னல்கள் குறையும்; கோடு கீழே சரியும்.

எல்டிபிஇ சங்கிலியில் நீளமான கிளைகள் உண்டு. மிக நீண்ட சங்கிலிகளும் குட்டையானவையும் ஒன்றாகக் கலந்தும் கிடக்கும். நீண்டவை பழைய நிலைக்குத் திரும்ப வெகுநேரம் எடுப்பதால் மிகக் குறைந்த வேகத்திலேயே கோடு சரியத் தொடங்கிவிடும். எல்எல்டிபிஇயில் பியூட்டீன், ஹெக்ஸீன், ஆக்டீன் போன்றவை தரும் குட்டைக் கிளைகள் மட்டுமே இருக்கின்றன. சங்கிலிகளின் நீளமும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் சமதளம் நீளமாகப் போய், சரிவும் மிதமாகவே இருக்கும். 'எல்எல்டிபிஇ கெட்டி' என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். ஓய்வில் அது ஒன்றும் கெட்டி இல்லை. வேகத்தில் இளக மறுப்பதுதான் விஷயம்.

இளகியது மறுபடி பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். டையிலிருந்து வந்த ஃபிலிமை நறுக்கி மறுபடி எம்எஃப்ஐ பார்த்தால், சரக்கு கெடாதவரை, பழைய எண்ணே வரும். எண் மாறியிருந்தால் சங்கிலி அறுந்திருக்கிறது அல்லது குறுக்கே இணைந்திருக்கிறது; அது வேறு நோய்.

படி 1: உங்கள் இயந்திரத்தில் ஷியர் வேகம் எவ்வளவு?

டை வாய் ஒரு வட்ட இடுக்கு. அதை விரித்தால் நீளமான செவ்வக இடுக்காகும். அதன் கணக்கு:

```
shear rate = 6 Q / (W h^2)
W = pi x D_die
```

இங்கே `Q` கன அளவு ஓட்டம், `h` இடைவெளி. மணிக்கு 120 கிலோ என்றால் வினாடிக்கு 33.3 கிராம், 0.76 ஆல் வகுத்தால் 43.9 கன செ.மீ. குளிர்ந்த குருணையின் 0.92 அடர்த்தியை இங்கே போடுவது வழக்கமான தவறு. உருகலின் அடர்த்தியைத்தான் போட வேண்டும். `W` 62.8 செ.மீ. இடைவெளி 1 மி.மீ. என்றால் வினாடிக்கு 420 வரும். எம்எஃப்ஐ அளந்த வேகத்தைப் போல இது 170 மடங்குக்கும் மேல்.

ஸ்க்ரூவின் மீட்டரிங் பகுதியில் கணக்கு இன்னும் எளிது:

```
shear rate = pi D N / h
```

75 மி.மீ. ஸ்க்ரூ, நிமிடத்துக்கு 90 சுற்று, அதாவது வினாடிக்கு 1.5, பள்ளத்தின் ஆழம் 4 மி.மீ. வினாடிக்கு 88 வருகிறது. அதே ஸ்க்ரூவின் பல் முனைக்கும் பேரலுக்கும் நடுவே 0.075 மி.மீ. இடைவெளி என்றால் அங்கே 4,700. அந்த இடுக்கில் இருக்கும் சரக்கு கொஞ்சம்தான் என்பதால் அழுத்தக் கணக்கில் அதை விட்டுவிடலாம். சூட்டுக்கும் மின்சாரத்துக்கும் அதுவும் பங்கு சேர்க்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

ஆக நமக்குத் தேவையான வளைகோடு வினாடிக்கு 50இலிருந்து 1,000 வரை. அதற்குக் கீழே எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்த வேலைக்குப் பயன் குறைவு.

படி 2: வளைகோட்டை எடுப்பது

இதற்கான கருவி கேபிலரி ரியோமீட்டர். 15 மி.மீ. பேரல், 1 மி.மீ. துளையும் 20 மி.மீ. நீளமும் கொண்ட டை என்பது நல்ல தொடக்கம். இந்த அளவுகளில் பிஸ்டன் வேகத்தை வினாடிக்கு மி.மீ. கணக்கில் எடுத்து 1,800 ஆல் பெருக்கினால் ஷியர் வேகம் கிடைக்கும். வினாடிக்கு 100 வேண்டுமானால் பிஸ்டன் 0.056 மி.மீ. வேகத்தில் இறங்க வேண்டும்.

சோதனைச் சூடு உங்கள் லைனில் உருகல் உண்மையில் இருக்கும் சூடாக இருக்கட்டும். எம்எஃப்ஐக்கு 190 என்பதால் இங்கும் 190 வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. (கீழே வரும் எண்கள், ஒப்பிட வசதியாக, 190க்கு உரியவை.) குருணையை ஒரேயடியாகக் கொட்டாமல் நாலைந்து தவணையாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் கோலால் இடித்து இறுக்குங்கள். உள்ளே காற்று சிக்கினால் நடுவில் அழுத்தம் திடீரென்று விழுந்து, டை வாயில் 'டப்' என்று வெடித்துக் காட்டிக்கொடுக்கும். ஐந்தாறு நிமிடம் சூடேற விட்டுப் பிறகு தொடங்குங்கள்.

வேகங்களை 50, 100, 200, 400, 800 என்று ஏற்றுங்கள். ஒவ்வொன்றிலும் அழுத்தம் நிலைத்து நின்ற பிறகே எண்ணைக் குறிக்க வேண்டும். குறைந்த வேகங்களில் இதற்கு நிமிடக்கணக்கில் ஆகலாம். கடைசியில் மறுபடி முதல் வேகத்துக்கு வந்து ஒரு தடவை அளங்கள். முதலில் வந்த எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால், சோதனையின்போதே சரக்கு கெட்டிருக்கிறது. அந்த வரிசை முழுவதையும் தள்ளிவிட வேண்டியதுதான்.

எண்களைவிடப் பயனுள்ள ஒன்று இந்தச் சோதனையில் கிடைக்கிறது, பலர் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். டையிலிருந்து வரும் இழையைச் சொல்கிறேன். ஒவ்வொரு வேகத்திலும் ஒரு சாண் நீளம் நறுக்கி, வேகத்தை எழுதி ஒட்டி வையுங்கள். ஆறிய பிறகு பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். எல்எல்டிபிஇ இழை முதலில் கண்ணாடிபோல இருக்கும். ஒரு வேகத்தில் பளபளப்பு மட்டும் போகும். அடுத்த வேகத்தில் இழையைச் சுற்றி மெல்லிய வளையங்கள் மரையைப் போல அடுத்தடுத்துத் தெரியும். சுறாத்தோல் என்பது இதுதான். இன்னும் ஏற்றினால் வழுவழுப்பும் முரடும் மாறி மாறி வரும். அழுத்தமானியின் முள்ளும் ஏறி இறங்கும். சரக்கு சுவரில் ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டுகிறது. அந்த ஆட்டத்தைச் சராசரி எடுத்து வளைகோட்டில் போட்டுவிடாதீர்கள். அங்கே ஓட்டமே வேறு வகையாகிவிட்டது. பளபளப்பு போன இடத்தின் தகைவைக் குறித்துக்கொண்டால், அந்தக் கிரேடுக்கு அதுவே எல்லை. எல்எல்டிபிஇக்கு இது பெரும்பாலும் 100 முதல் 200 கிலோபாஸ்கலுக்குள் விழும்; கீழே நான் 140 என்று வைத்துக்கொள்கிறேன்.

*நுழைவாய்த் திருத்தம்.* அழுத்தமானி காட்டுவதில் ஒரு பங்கு, அகலமான பேரலிலிருந்து குறுகிய துளைக்குள் உருகல் நுழையும்போதே செலவாகிவிடுகிறது. எல்டிபிஇயில் இந்தப் பங்கு பெரிது. உதாரணமாக, வினாடிக்கு 105 வேகத்தில், துளை விட்டத்தைப் போல நீளம் 10, 20, 30 மடங்காக உள்ள மூன்று டைகளில் 4.7, 8.2, 11.7 மெகாபாஸ்கல் வருகிறது என்று வையுங்கள். இந்த மூன்றையும் நீளத்துக்கு எதிராகப் புள்ளி வைத்துக் கோடு இழுத்து, நீளம் பூச்சியம் வரை பின்னால் நீட்டினால் 1.2 மெகாபாஸ்கலில் வெட்டும். அதுதான் நுழைவாய் இழப்பு. நடு டையை மட்டும் வைத்துத் தகைவு கணக்கிட்டால் 102 கிலோபாஸ்கல். இழப்பைக் கழித்தால் 87. ஒரே டைதான் கையில் இருக்கிறது என்றால் நீளமானதை வாங்குங்கள், பிழையின் பங்கு குறையும்.

ரியோமீட்டர் இல்லாத இடத்தில் எம்எஃப்ஐ கருவியிலேயே 2.16 கிலோவிலும் 21.6 கிலோவிலும் அளந்து, இரண்டின் விகிதத்தைப் பார்க்கும் வழக்கம் உண்டு. விகிதம் பெரிதாக இருந்தால் சரக்கு நன்றாக இளகும். இரண்டு கிரேடுகளை ஒப்பிட இது போதும். டை அழுத்தம் கணக்கிடப் போதாது: அந்த டையின் நீளம் துளையைப் போல நாலு மடங்குகூட இல்லை, ஆகவே நுழைவாய் இழப்பு எண்ணைக் கெடுத்துவிடும்.

படி 3: கோட்டை இரண்டு எண்ணாக்குவது

ஷியர் வேகத்தையும் தகைவையும் இரண்டு அச்சிலும் மடக்கை அளவில் புள்ளி வைத்தால் 50இலிருந்து 1,000 வரை கிட்டத்தட்ட நேர்கோடாக வரும். அதன் சமன்பாடு:

```
tau = K x (shear rate)^n
viscosity = K x (shear rate)^(n-1)
```

`n` கோட்டின் சாய்வு. 1 என்றால் தண்ணீரைப் போல இளகாத திரவம். குறையக் குறைய அதிகம் இளகும். நம் கணக்குக்கு எம்எஃப்ஐ 1 கிரேடுகளுக்குப் பொருந்தும்படி முழுமையாக்கிய எண்களை எடுத்துக்கொள்கிறேன். எல்டிபிஇக்கு `K = 13600`, `n = 0.4`. எல்எல்டிபிஇக்கு `K = 11400`, `n = 0.6`. இரண்டுமே வினாடிக்கு 2.4 வேகத்தில் 8,000 பாஸ்கல்-வினாடிதான் தரும். வினாடிக்கு 100 வேகத்தில் எல்டிபிஇ 860க்கு இறங்கிவிடுகிறது. எல்எல்டிபிஇ 1,800இல் நிற்கிறது.

இந்தச் சமன்பாட்டை நீங்கள் அளந்த எல்லைக்கு வெளியே நீட்டக் கூடாது. சமதளம் என்று ஒன்று இருப்பதே இதற்குத் தெரியாது. வேகம் பூச்சியத்தை நெருங்கினால் பாகுத்தன்மை முடிவிலிக்குப் போகிறது என்று சொல்லும். அந்தப் பகுதி வேண்டுமானால் கிராஸ் அல்லது கேரோ சமன்பாட்டுக்குப் போக வேண்டும். டைக் கணக்குக்கு அது தேவைப்படுவதில்லை.

படி 4: டையில் வைத்துப் பார்ப்பது

டை வாயின் நேரான பகுதி, அதாவது லேண்ட், 20 மி.மீ. நீளம் என்று வைப்போம். அங்கே விழும் அழுத்தம்:

```
dP = 2 x tau x L / h
```

1 மி.மீ. இடைவெளியில், வினாடிக்கு 420 வேகத்தில், எல்டிபிஇயின் சுவர்த் தகைவு 152 கிலோபாஸ்கல். லேண்டில் மட்டும் விழும் அழுத்தம் 61 பார். அதே இடத்தில் எல்எல்டிபிஇயின் தகைவு 427 கிலோபாஸ்கல், அழுத்தம் 170 பார். 140 என்ற எல்லையை எல்எல்டிபிஇ மூன்று மடங்கு தாண்டிவிட்டது. ஃபிலிம் சொரசொரத்ததில் வியப்பே இல்லை. எல்டிபிஇயும் 152இல்தானே இருக்கிறது என்று கேட்கலாம். சுறாத்தோல் எல்எல்டிபிஇ போன்ற நேர்ச்சங்கிலிகளுக்கு உரிய நோய். எல்டிபிஇயில் பொதுவாக வருவதில்லை. அதற்கு இன்னும் உயர்ந்த தகைவில், டையின் நுழைவாயிலில் தொடங்கும் முறுக்கல்தான் வரும்.

இப்போது டையைக் கழற்றி இடைவெளியை 2 மி.மீ. ஆக்குவோம். ஷியர் வேகம் நாலில் ஒரு பங்காகி 105க்கு இறங்கும். எல்எல்டிபிஇயின் தகைவு 186 கிலோபாஸ்கல், அழுத்தம் 37 பார். அழுத்தப் பிரச்சினை தீர்ந்தது. சொரசொரப்பு இன்னும் விளிம்பில் நிற்கிறது. 2.5 மி.மீ. ஆக்கினால் வேகம் 67, தகைவு 142. எல்எல்டிபிஇ டைகளை 2 மி.மீ.க்கு மேல் கடைவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இதற்கு விலை உண்டு. 2.5 மி.மீ. தடிமனில் வெளியேறும் உருகலை 40 மைக்ரான் ஃபிலிமாக இழுக்கிறோம் என்றால் இழுவை விகிதம் கூடுகிறது. ஃபிலிம் நீளவாக்கில் எளிதாகக் கிழியும். குளிரூட்டும் காற்று கொஞ்சம் தடுமாறினாலும் பப்பிள் ஆடும்.

சூட்டை ஏற்றினால் ஆகாதா?

பட்டறையில் முதலில் கைவைப்பது சூட்டில்தான். கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். எல்எல்டிபிஇயின் உருகலை 190இலிருந்து 210க்கு ஏற்றினால், சமதளத்தில் பாகுத்தன்மை சுமார் 28 சதவீதம் குறையும். ஆனால் டையில் நாம் சமதளத்தில் இல்லை. அதே ஓட்டத்தில் சுவர்த் தகைவு குறைவது அந்தக் காரணியின் `n` அடுக்கு அளவுதான்: 0.72இன் 0.6 அடுக்கு, அதாவது 0.82. வெறும் 18 சதவீதம். 427 கிலோபாஸ்கல் 350 ஆகும். எல்லையான 140க்கு அருகில்கூட வராது. ஆனால் டையை விட்டு வெளியே வந்த பப்பிளில் ஷியர் குறைவு, அங்கே சூடு தன் வேலையை முழுசாகக் காட்டும். உருகல் தொய்ந்து, பப்பிள் நிற்காமல் சரியும். தேவையான இடத்தில் கொஞ்சமும் வேண்டாத இடத்தில் நிறையவும் இளக்குவதுதான் இந்த வழி.

டை உதட்டை மட்டும் தனியாக 10, 15 டிகிரி ஏற்றுவது இதைவிடப் புத்திசாலித்தனம். சுறாத்தோல் பிறப்பது உதட்டின் கடைசி விளிம்பில், மேற்பரப்பு ஒட்டிய நிலையிலிருந்து சட்டென்று விடுபட்டு நீளும்போது. அங்கே மட்டும் சூடு போனால் உருகல் முழுவதையும் கெடுக்க வேண்டியதில்லை. நடு உருளைக்கு ஹீட்டர் இல்லாத டைகளில் ஃபிலிமின் வெளிப்புறம் வழுவழுப்பாகவும் உட்புறம் சொரசொரப்பாகவும் இருந்தால் காரணத்தை நடு உருளையின் குளிர்ச்சியில் தேடுங்கள்.

டையை மாற்ற முடியாதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, எல்எல்டிபிஇயோடு 20 முதல் 30 சதவீதம் எல்டிபிஇ கலப்பது. கலவையின் கோடு செங்குத்தாகச் சரியும், பப்பிளும் நிலைக்கும். ஆனால் எல்எல்டிபிஇக்காக வாங்கியவர் எதிர்பார்த்த குத்துத் தாங்கும் பலமும் கிழிவுப் பலமும் குறையும். இன்னொன்று, ஃபுளோரோபாலிமர் வகை புராசஸிங் எய்டு. இது பாகுத்தன்மையை மாற்றுவதில்லை. டைச் சுவரில் மெல்லிய படலமாகப் படிந்து உருகலை வழுக்க விடுகிறது. 2 சதவீதச் செறிவுள்ள மாஸ்டர்பேட்சை 3 சதவீதம் போட்டால் ஃபிலிமில் 600 பிபிஎம் இருக்கும். வழக்கமான அளவு இதன் அக்கம்பக்கம்தான். போட்டவுடன் பலன் தெரியாது. படலம் படிய அரை மணியிலிருந்து ஒரு மணிநேரம், சில வேளை இன்னும் அதிகம் ஆகும். ஃபிலிமில் வழுவழுப்பான பட்டைகள் அங்கங்கே தோன்றி, மெல்ல அகன்று, ஒன்றோடொன்று சேருவதைப் பார்த்தால் வேலை நடக்கிறது என்று பொருள். முதல் மணிநேரம் இரட்டை அளவு போட்டுப் பிறகு குறைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். டால்க், சிலிக்கா போன்ற ஆன்டிபிளாக் சேர்க்கிறீர்கள் என்றால் அவை எய்டை உறிஞ்சவும் படலத்தைச் சுரண்டவும் செய்யும். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், அல்லது படலம் படிந்த பிறகு ஆன்டிபிளாக்கைத் தொடங்க வேண்டும். உணவுப் பொட்டல ஏற்றுமதிக்கு ஓட்டுபவர்கள் ஃபுளோரின் இல்லாத வகைகளைக் கேட்டுப் பார்ப்பது நல்லது, பிஃபாஸ் என்னும் ஃபுளோரின் சேர்மங்களுக்கான கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டு வருகின்றன.

இளகுவதன் மறுபக்கம்: தடிமன் ஓடுவது

அதிகம் இளகும் சரக்கு எல்லா வகையிலும் நல்லது என்று இதுவரை படித்தவர்கள் நினைக்கலாம். டையின் இடைவெளி சுற்றிலும் சமமாக இல்லை என்றால் கதை மாறும். ஒரே அழுத்தத்தில் ஓட்டம் இடைவெளியின் எத்தனையாவது அடுக்காக மாறும் என்றால்:

```
Q ~ h^(2 + 1/n)
```

இளகாத திரவத்துக்கு 3. எல்எல்டிபிஇயின் 0.6க்கு 3.67. எல்டிபிஇயின் 0.4க்கு 4.5. ஓர் இடத்தில் இடைவெளி 5 சதவீதம் கூடுதலாக இருந்தால், எல்எல்டிபிஇயில் அங்கே 20 சதவீதம் அதிகம் வெளியேறும். எல்டிபிஇயில் 25 சதவீதம். அகலமான பக்கம் வேகமாக ஓடுகிறது, வேகத்தால் இன்னும் இளகுகிறது, இளகியதால் இன்னும் வேகமாகிறது. 1 மி.மீ. இடைவெளியில் 5 சதவீதம் என்பது 0.05 மி.மீ., டை போல்ட்டின் சின்னத் திருகல். தடிமனைச் சரிசெய்பவர் எல்டிபிஇ ஓடும்போது போல்ட்டை மிகக் கொஞ்சமாகத் திருகி, ஃபிலிம் நிலைக்கும்வரை காத்திருந்து, பிறகே அடுத்ததைத் தொட வேண்டும் என்பது இதனால்தான்.

ஸ்க்ரூ பக்கம்

ஆம்பியர் ஏறியதற்கு விடை பேரலுக்குள் இருக்கிறது. உருகலைத் தேய்ப்பதால் ஒரு கன செ.மீ.யில் பிறக்கும் சூடு, பாகுத்தன்மை பெருக்கல் ஷியர் வேகத்தின் இருமடி. மீட்டரிங் பகுதியின் 88 வேகத்தில் எல்டிபிஇயின் பாகுத்தன்மை சுமார் 930, கன செ.மீ.க்கு 7 வாட் சூடு. எல்எல்டிபிஇயில் 1,900; 15 வாட். சூடு எங்கும் வெளியேறாவிட்டால் எல்டிபிஇ வினாடிக்கு 4 டிகிரியும் எல்எல்டிபிஇ 8 டிகிரியும் ஏறும். இரண்டு மடங்கு சூடு என்றால் அதைக் கொடுக்கும் மோட்டாருக்கும் அந்தப் பகுதியில் இரண்டு மடங்கு வேலை.

அதனால் எல்எல்டிபிஇ ஓடும்போது கன்ட்ரோலரில் செட் செய்த சூட்டை நம்பாதீர்கள். ஹீட்டர்கள் அணைந்தே கிடக்க, பேரல் தானாகச் செட் பாயின்டைத் தாண்டிக்கொண்டிருந்தால் சூடு ஸ்க்ரூவிலிருந்து வருகிறது. இந்நிலையில் செட் பாயின்டைக் குறைத்தால் பேரல் சுவரில் உருகல் கெட்டியாகி, தேய்ப்பு கூடி, ஆம்பியர் இன்னும் ஏறலாம். வழி, மீட்டரிங் பள்ளத்தை ஆழமாக்குவது: 4 மி.மீ.யை 5 ஆக்கினால் ஷியர் வேகம் 71க்கு இறங்கும், கன செ.மீ.க்குச் சூடு 10 வாட்டுக்கு வரும். ஒரு சுற்றுக்கு வெளியேறும் அளவும் கூடுவதால் அதே 120 கிலோவுக்கு ஸ்க்ரூ மெதுவாகச் சுற்றினால் போதும், சூடு இன்னும் குறையும். ஆனால் ஆழமான பள்ளம் டையின் எதிர் அழுத்தத்துக்கு எளிதில் விட்டுக்கொடுக்கும். 170 பார் டையை வைத்துக்கொண்டு ஸ்க்ரூவை மட்டும் ஆழமாக்கினால் வெளியேற்றம் விழும். முதலில் டை, பிறகு ஸ்க்ரூ.

சொரசொரப்பு எல்லாம் சுறாத்தோல் அல்ல

டையைக் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. ஸ்க்ரூ வேகத்தைப் பாதியாக்கி, நிப் ரோலரையும் அதே விகிதத்தில் குறைத்துப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். சுறாத்தோல் ஒரு தகைவு எல்லையைப் பொறுத்தது. எல்லைக்குக் கீழே போனால் முழுசாக மறையும். நம் 2 மி.மீ. டையில் 120 கிலோவில் 186 இருந்தது, 60 கிலோவில் 123 ஆகும், ஃபிலிம் தெளிய வேண்டும். 1 மி.மீ. டையில் 60 கிலோவிலும் 282. அங்கே தெளியாது, கோடுகள் மெல்லிதாவது மட்டும் தெரியும்.

வேகம் குறைத்தும் மாறாமல் ஃபிலிம் ஓடும் திசையில் நீளமான கோடுகள் நின்றால் உதட்டில் கீறலோ கருகலோ இருக்கிறது. சுறாத்தோலின் மேடுகள் ஓட்டத்துக்குக் குறுக்கே இருக்கும். ஃபிலிமை வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்தால் திசை தெரிந்துவிடும். ஓட்டத்தின் திசையில் நீண்ட சின்னச் சின்னக் கொப்புளங்கள், நடுவில் வெற்றிடத்தோடு வந்தால் ஈரம். மாஸ்டர்பேட்ச் மூட்டை திறந்து கிடந்ததா என்று பாருங்கள். பத்து நிமிடச் சோதனையில் தெளிந்தும், 120 கிலோவுக்கு ஏற்றியதும் முன்பிருந்ததைவிட மோசமாக வந்தால், வேகம் குறைந்த நேரத்தில் டை உதடு ஆறிவிட்டிருக்கும். உதட்டுச் சூடு பழைய இடத்துக்கு வரும்வரை பொறுத்து, பிறகு பாருங்கள்.